அணிக்கோவை 1 வந்தால் செங்குத்து அணியா?

கேள்வி: ஓர் அணியின் அணிக்கோவை 1 என்று வந்தது, உடனே செங்குத்து அணி என்று எழுதிவிட்டேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். நிரல்களைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அணிக்கோவையைத் தொடாதீர்கள். அணிக்கோவை 1 என்றாலே செங்குத்து அணி என்ற எண்ணம் குறுக்குவழி விற்கும் கையேடுகள் செய்த வேலை. செங்குத்து அணியின் அணிக்கோவை 1 அல்லது −1 என்பது உண்மை. அதைத் திருப்பிப் போட்டால் பொய். (1, 0), (1, 1) என்ற நிரல்களை எடுங்கள். அணிக்கோவை 1தான். ஆனால் இந்த அணி (0, 1) என்ற வெக்டரை (1, 1) ஆக்குகிறது. நீளம் 1 ஆக இருந்தது √2 ஆகிவிட்டது. செங்குத்து அணி எந்த வெக்டரின் நீளத்தையும் மாற்றக்கூடாது.

நிரல்களில் பார்க்க வேண்டியவை இரண்டே. ஒவ்வொரு நிரலின் நீளமும் 1 ஆக இருக்க வேண்டும். எந்த இரண்டு நிரல்களை எடுத்தாலும் புள்ளிப்பெருக்கல் 0 ஆக வேண்டும். காரணமும் எளிது. (x, y) என்ற வெக்டரை அணி, x மடங்கு முதல் நிரல் கூட்டல் y மடங்கு இரண்டாம் நிரல் என்று மாற்றுகிறது. அதன் நீளத்தின் வர்க்கத்தை விரித்தால், நடுவில் வரும் 2xy உறுப்பு புள்ளிப்பெருக்கல் 0 என்பதால் போய்விடும். நிரல்களின் நீளம் 1 என்பதால் x² + y² அப்படியே மிஞ்சும். இரண்டு வெக்டர்களின் புள்ளிப்பெருக்கலும் இதே போல மாறாமல் நிற்கும், அதனால் கோணமும் மாறாது. பல பாடநூல்கள் அணியை அதன் நிரை நிரல் மாற்று அணியால் பெருக்கி அலகு அணி வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்கின்றன. ஏன் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பலர் விழும் குழி ஒன்று உண்டு. (3, 4), (−4, 3) ஆகிய நிரல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து. பெயரிலேயே செங்குத்து இருக்கிறதே என்று இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிரல்களின் நீளம் 5, ஆகவே இந்த அணி எல்லா வெக்டர்களையும் 5 மடங்கு நீட்டும். இரண்டு நிரல்களும் ஒரே நீளம் என்பதால் கோணங்கள் மட்டும் தப்பின. எப்போதும் தப்பும் என்று நம்பிவிடாதீர்கள். (2, 0), (0, 1) ஆகிய நிரல்களும் செங்குத்துதான். ஆனால் (1, 0), (1, 1) வெக்டர்களுக்கு இடையே 45° இருந்தது, இந்த அணி அவற்றை (2, 0), (2, 1) ஆக்கியதும் சுமார் 26.6° ஆகச் சுருங்கிவிடும்.

சரி, முந்தைய அணியை 5 ஆல் வகுங்கள். நிரல்கள் (3/5, 4/5), (−4/5, 3/5). இப்போது (5, 10) கொடுத்தால் (−5, 10) வரும், இரண்டின் நீளமும் √125. இதன் நேர்மாறு வேண்டுமென்றால் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றினால் போதும், வேறு கணக்கு எதுவும் தேவையில்லை.