வகைக்கெழு இல்லாத புள்ளியில் பெருமமா, சிறுமமா? – கேள்வி பதில்

f(x) = x^(2/3) என்ற சார்பின் வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமமாக்கினால் 2 = 0 என்று வருகிறது. அதனால் மாறுநிலைப் புள்ளியே இல்லை என்று எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. என்ன தவறு?

சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை என்பது சரி. ஆனால் நீங்கள் தொகுதியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். f'(x) = 2/(3x^(1/3)) என்பதில் பகுதி x = 0-இல் பூச்சியமாகிறது. அங்கே வகைக்கெழு இல்லை, ஆனால் சார்புக்கு மதிப்பு இருக்கிறது: f(0) = 0. சார்பகத்துக்கு உள்ளே இருந்து, வகைக்கெழு மட்டும் இல்லாத புள்ளியும் மாறுநிலைப் புள்ளிதான்.

இனி அதன் இரு பக்கமும் குறியைப் பாருங்கள். x = −0.001 என்றால் கனமூலம் −0.1, எனவே f' ஏறத்தாழ −6.67. x = 0.001 என்றால் +6.67. இடப்பக்கம் இறங்கிவந்த வளைவரை வலப்பக்கம் ஏறுகிறது. சார்பு 0-இல் தொடர்ச்சியாகவும் இருப்பதால் அங்கே இடம் சார்ந்த சிறுமம். பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சாய்வு கட்டின்றி வளர்கிறது. அதனால்தான் அடியில் வட்டமான பள்ளம் இல்லாமல் கூர்முனை கிடைக்கிறது.

f''(x) = −2/(9x^(4/3)). இது x = 0 தவிர எங்கும் குறை எண். இரண்டாம் வகைக்கெழு குறையாக இருந்தால் பெருமம் என்றுதானே படித்தோம்? நீங்கள் சிறுமம் என்கிறீர்களே!

கணக்கீட்டில் பிழை இல்லை. வளைவரை இரு பக்கமும் கீழ்நோக்கிக் குழிந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சோதனைக்கு f'(0) = 0 என்பதும் f''(0) இருப்பதும் முன்நிபந்தனைகள். இங்கே இரண்டும் இல்லை.

நிபந்தனை ஏன் தேவை என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தத் தலைப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது. f'' குறை என்றால் f' குறைந்துகொண்டே போகிறது என்று பொருள். குறைந்துகொண்டே வரும் f' பூச்சியத்தைக் கடந்தால், மிகையிலிருந்து குறைக்குத்தான் போக முடியும்; அதனால் பெருமம். x^(2/3)-இல் நடப்பது வேறு. x = −1-இல் f' −0.67, −0.001-இல் −6.67, அப்படியே அடியில்லாமல் கீழே போகிறது. 0-இன் மறுபக்கம் அது மிகப்பெரிய மிகை எண்ணாகத் தொடங்கி மறுபடியும் குறைகிறது. இரு பக்கமும் குறைந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் நடுவே சங்கிலி அறுந்துவிட்டது. f' பூச்சியத்தைக் கடக்கவே இல்லை, தாவிவிட்டது. வகைக்கெழு இல்லாத புள்ளியில் இரண்டாம் வகைக்கெழு சோதனையைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

f(x) = x^(2/3)(5 − 2x) என்ற கணக்கில் x = 1-இல் பெருமம் 3 என்று கண்டுபிடித்தேன். விடையில் சிறுமம் ஒன்றும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

முதலில் விரித்து எழுதுங்கள்: 5x^(2/3) − 2x^(5/3). வகையிட்டு, உறுப்புகளை ஒரே பகுதியின் கீழ் கொண்டுவந்தால்

```
f'(x) = 10(1 − x) / (3 x^(1/3))
```

இந்த வடிவத்துக்கு வந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பிரித்து வைத்திருந்தால் பகுதியில் ஒளிந்திருக்கும் 0 கண்ணில் படாது. தொகுதி 1-ஐத் தருகிறது, பகுதி 0-ஐத் தருகிறது. x = −1-இல் தொகுதி மிகை, பகுதி குறை; f' குறை. x = 1/8-இல் இரண்டும் மிகை; f' மிகை. x = 8-இல் தொகுதி குறை; f' குறை. ஆகவே 0-இல் சிறுமம், மதிப்பு 0. 1-இல் உங்கள் பெருமம் அப்படியே நிற்கிறது. ஆனால் இரண்டுமே இடம் சார்ந்தவை மட்டுமே: f(−1) = 7, f(8) = −44.

அப்படியானால் வகைக்கெழு முடிவிலிக்குப் போகும் இடமெல்லாம் பெருமம் அல்லது சிறுமம் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. x^(1/3)-ஐ எடுங்கள். f' = 1/(3x^(2/3)); இரு பக்கமும் மிகை. வளைவரை 0-இல் செங்குத்தாக நிமிர்ந்து, ஏறிக்கொண்டே போகிறது.

நான் நிரல் எழுதுபவன். x**(2/3) என்று பைத்தானில் கொடுத்து வரைந்தால் வலது பாதி மட்டும் வருகிறது. அப்போது 0 ஒரு முனைப்புள்ளிதானே, கூர்முனை எங்கே?

படத்தில் விடுபட்டது சார்பின் குறை அல்ல. 2/3 என்பது கணினிக்குத் தசம எண். பகுதி ஒற்றை எண் என்பது அதற்குத் தெரியாது. (−8)**(2/3)-க்கு 4 வராமல் ஒரு சிக்கலெண் வரும். நம்பையின் அணியாக இருந்தால் nan வரும். இப்படி எழுதுங்கள்:

```
y = np.cbrt(x)**2
```

குறை அல்லாத எண்களுக்கு மட்டுமே பின்ன அடுக்கை வரையறுப்போரும் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கப்படி நீங்கள் சொன்னதுபோல் 0 முனைப்புள்ளிதான். இதில் ஒருமித்த வழக்கம் இல்லை; கணக்கின் தொடக்கத்திலேயே சார்பகத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. f' = 0-ஐ நியூட்டன் முறையில் தேடும் நிரலை இந்தச் சார்புக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு படியும் x-ஐ 4x ஆக்கும். 0.1-இல் தொடங்கினால் 0.4, 1.6, 6.4 என்று சிறுமத்தைவிட்டு விலகி ஓடிக்கொண்டே இருக்கும்.

குறி குறையிலிருந்து மிகைக்கு மாறினால் சிறுமம். இதுவே போதுமே! தொடர்ச்சி இருக்கிறதா என்று ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

x ≠ 0 என்றால் x^(2/3), x = 0 என்றால் 1 என்று ஒரு சார்பை வரையறுங்கள். f'-இன் குறிகள் மாறவே இல்லை: இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை. ஆனால் f(0) = 1; அருகில் உள்ள மதிப்புகளெல்லாம் அதைவிடச் சிறியவை. நீங்கள் சிறுமம் என்று எழுதும் இடத்தில் பெருமம் இருக்கிறது. குறிகள் அண்டைப் புள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அவற்றை f(0)-உடன் இணைப்பது தொடர்ச்சிதான்.

f(x) = |x|(2 + sin(1/x)), f(0) = 0. தொடர்ச்சி இருக்கிறது, 0-இல் வகைக்கெழு இல்லை. ஆனால் 0-க்கு எவ்வளவு அருகில் போனாலும் f'-இன் குறி மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் சோதனை இங்கே என்ன சொல்லும்?

ஒன்றும் சொல்லாது. நல்ல எடுத்துக்காட்டு. x > 0-இல் f' = 2 + sin(1/x) − cos(1/x)/x; கடைசி உறுப்பு கட்டின்றி ஊசலாடுவதால், எந்தச் சிறு இடைவெளியிலும் ஒரே குறி கிடைக்காது. இருந்தும் 0-இல் சிறுமம் இருக்கிறது. அடைப்புக்குள் இருப்பது ஒருபோதும் 1-க்குக் கீழே போவதில்லை. எனவே f(x) ≥ |x|, x ≠ 0 என்றால் f(x) > f(0).

வகைக்கெழுவை மட்டும் வைத்து இத்தகைய சார்புகள் அனைத்தையும் வகைப்படுத்தும் பொதுவான சோதனையைக் கேட்டால், என்னிடம் இல்லை. குறி நிலைக்காத இடத்தில் நான் f(x) − f(0)-ஐ எழுதி, அதற்குக் கீழ்வரம்பு தேடுவேன். சில சார்புகளுக்கு அதுவும் எளிதில் பிடிபடுவதில்லை.