கும்மிருட்டில் எதிரி எப்படித் தெரிகிறான்?

கேள்வி: நைட் விஷனும் தெர்மல் கேமராவும் ஒன்றுதானா? கும்மிருட்டில் எதிரியை எப்படிப் பார்க்கிறார்கள்?

இரண்டும் வேறு. ஹெல்மெட்டில் மாட்டும் நைட் விஷன் கருவிக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும். நட்சத்திர ஒளி போதும். அந்த ஒளி எலக்ட்ரான்களாக மாறி, நுண்துளைகள் நிறைந்த ஒரு கண்ணாடித் தகட்டுக்குள் மோதி மோதிப் பல்லாயிரம் மடங்கு பெருகி, பச்சைத் திரையில் படமாக விழுகிறது. மூடிய குகைக்குள் போனால் அதுவும் குருடுதான். அங்கே அகச்சிவப்பு விளக்கு அடிக்க வேண்டும். ஆனால் எதிரியிடமும் இதே கருவி இருந்தால், அந்த விளக்கே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தெர்மலுக்கு வெளிச்சமே வேண்டாம். உடம்பும் எஞ்சினும் வெளிவிடும் வெப்பக் கதிர்களை அது நேரடியாகப் பிடிக்கிறது. வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 26 அன்று, ஈராக் பாலைவனத்தில் வீசிய மணற்புயலில் வெறும் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்க எம்1ஏ1 டாங்கிகளோ தெர்மல் வழியாக ஈராக்கிய டாங்கிகளைத் தேடிப் பிடித்துச் சுட்டன.

சரி, தெர்மல் எங்கே ஏமாறும்? சாதாரண ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர் அதில் தெரியமாட்டார். விடியலிலும் அந்தியிலும் மண்ணும் வண்டியும் ஒரே சூட்டுக்கு வரும்போது படம் மங்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தூரத்தில் தெரிவது வெறும் வெள்ளைத் திட்டு என்பது. அது யாருடைய வண்டி என்று சொல்ல முடியாது. அந்தப் போரில் அமெரிக்கர்கள் தங்கள் வண்டிகளையே சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.