ப்ரொவிஷனில் 96,000, செட்டில்மென்டில் 1,26,000: எது சரி?

கேள்வி: எங்கள் கம்பெனியில் 35 பேர். ஒருவர் 6 வருடம் 8 மாதம் வேலை செய்து, ஏப்ரல் 15 அன்று விலகினார். கடைசி மாதச் சம்பளம் 52,000. அதில் பேசிக், டி.ஏ. சேர்த்து 31,200, மீதி எச்.ஆர்.ஏ.வும் பயணப்படியும். மாதாமாதம் 4.81% கிராஜுவிட்டி ப்ரொவிஷன் போட்டு வந்ததில் அவர் பெயரில் 96,000 இருக்கிறது. பேரோல் மாட்யூலோ 1,26,000 கொடுக்கச் சொல்கிறது. 10 நாள் லீவ் பாக்கி, 10,000 அட்வான்ஸ் பாக்கி. எதை நம்பி செட்டில்மென்ட் போடுவது?

பதில்: கொடுக்க வேண்டியது 1,26,000தான். மாட்யூல் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. ப்ரொவிஷன் போட்ட முறையில்தான் குறை. மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் சொல்லும் சூத்திரம் இது:

```
கடைசி மாத ஊதியம் × 15 / 26 × சேவை ஆண்டுகள்
```

31,200க்கு ஒரு வருடக் கிராஜுவிட்டி 18,000. ஆறு மாதத்துக்கு மேல் ஓடிய வருடம் முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் 6 வருடம் 8 மாதம் 7 வருடமாகிறது. ஏழு பதினெட்டாயிரம் 1,26,000. சரியாக ஆறு மாதத்தில் விலகியிருந்தால் ஆறு வருடம்தான். சில மாட்யூல்கள் அதையும் மேலே தள்ளிவிடும். அந்த செட்டிங்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 4.81% என்பது 15/26ஐ 12ஆல் வகுத்து வந்தது. அந்தந்த மாதத்து பேசிக்குக்கு அது சரி. ஆனால் கிராஜுவிட்டி எல்லா வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில்தான் கணக்காகிறது. உதாரணமாக, அவர் பேசிக் முதல் 36 மாதம் 20,800, அடுத்த 24 மாதம் 26,000, கடைசி 20 மாதம் 31,200 என்று இருந்திருந்தால், ப்ரொவிஷன் மாதம் 1,000, 1,250, 1,500 என்று ஏறி, மொத்தம் உங்கள் 96,000தான் வரும். குறையும் 30,000இல் 24,000 பழைய மாதங்களுக்குச் சேர வேண்டிய இன்கிரிமென்ட் வித்தியாசம். மீதி 6,000, எட்டு மாதத்தை ஒரு வருடமாக்கியதால் கூடிய நான்கு மாதம்.

என்ட்ரி போடும்போது 1,26,000 முழுவதையும் செலவில் எழுதிவிடாதீர்கள். 96,000 ஏற்கெனவே முந்தைய மாதங்களில் செலவாகிவிட்டது. அது இரண்டாம் முறை செலவாவதோடு, ப்ரொவிஷன் லெட்ஜரில் போனவர் பெயரிலேயே நின்றுவிடும்.

```
கிராஜுவிட்டி ப்ரொவிஷன்     Dr   96,000
கிராஜுவிட்டி செலவு         Dr   30,000
  ஊழியருக்குத் தர வேண்டியது  Cr 1,26,000
```

மற்ற 34 பேருக்கும் இதே குறை இருக்கும். ஒவ்வொருவருக்கும் இன்றைய பேசிக்கில் இன்று வரையான சேவைக்குக் கணக்கிட்டு, அதிலிருந்து லெட்ஜர் இருப்பைக் கழித்து, வித்தியாசத்தை இந்த மாதமே போடுங்கள். இனி இன்கிரிமென்ட் வரும் மாதமெல்லாம் இப்படித்தான். 50 பேருக்குக் குறைவான சிறு நிறுவனம், எல்லாரும் வருடக் கடைசியில் விலகுவதாக வைத்துக் கணக்கிட AS 15 இடம் கொடுக்கிறது, ஆக்சுவரி தேவையில்லை.

சரி, மீதி செட்டில்மென்ட். ஏப்ரலில் 15 நாள் சம்பளம் 26,000. லீவுக்கு உங்கள் பாலிசி பேசிக்கை 26ஆல் வகுப்பதாக வைத்தால், நாளுக்கு 1,200 வீதம் 12,000. இரண்டும் சேர்ந்த 38,000இல் அட்வான்ஸைக் கழித்தால் 28,000. பி.எஃப்., தொழில் வரியை நான் இதில் கழிக்கவில்லை.

இந்த 28,000த்தையும் கிராஜுவிட்டியையும் ஒரே நிகரத் தொகையாக்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவரின் ஊதியம் இரண்டு வேலை நாளுக்குள் போக வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம், தாண்டினால் வட்டி. அதைவிட முக்கியம், பிடித்தம். நோட்டீஸ் பாக்கி, லோன் என்று பிடித்தம் பெரிதாகும்போது, ஒரே கணக்காக வைத்திருக்கும் மாட்யூல் பற்றாக்குறையைத் தானாகவே கிராஜுவிட்டியிலிருந்து எடுத்துவிடும். பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கிராஜுவிட்டியில் கை வைக்க முடியாது. அதைக் குறைக்கவோ நிறுத்தவோ சட்டம் குறிப்பிட்ட சில ஒழுங்கு நடவடிக்கைக் காரணங்களுக்குத்தான் இடம் தருகிறது. எனவே அதைத் தனி பே-ஹெட்டில், ‘பிடித்தம் இல்லை’ என்று வைத்துத் தனி வவுச்சராகக் கொடுங்கள். அதே இடத்தில் வரிவிலக்கையும் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முழுக்க விலக்குள்ள இந்த 1,26,000க்கும் டி.டி.எஸ். பிடித்துவிடும்.

இன்னொன்று. புதிய சட்டத்தில் ஊதியம் என்பது பேசிக், டி.ஏ. மட்டும் என்று நின்றுவிடாது. எச்.ஆர்.ஏ., பயணப்படி போன்ற விலக்குள்ள படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தோடு சேரும். இவருக்கு அவை 20,800, அதாவது 40%. அதனால் பிரச்சினை இல்லை. பேசிக்கைக் குறைவாக வைத்திருக்கும் ஆட்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு 15/26ஐ எதன்மேல் போடுகிறது என்று மாட்யூலில் பே-ஹெட் வாரியாகத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, பணம் அனுப்புமுன் ஒரு சோதனை. மாட்யூல் காட்டும் கிராஜுவிட்டியை ஒரு வருடத் தொகையால் வகுங்கள். 7 வர வேண்டும். 3 அல்லது 4 வந்தால், சாஃப்ட்வேரை மாற்றியபோது வேலையில் சேர்ந்த தேதிக்குப் பதில் புது சாஃப்ட்வேர் தொடங்கிய தேதி பதிவாகியிருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒப்பிட்டுத் தேதியைத் திருத்துங்கள். தொகையைக் கையால் திருத்தாதீர்கள்.