5 வேறு, 5% வேறு: கடைக்காரர் தரும் எக்செல் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: எக்செலில் 40,000 ரூபாய்க்கு 5% போட்டால் 2,000 வருகிறது. அதே இடத்தில் வெறும் 5 என்று அடித்தால் சில நேரம் 2,000 வருகிறது, சில நேரம் 2,00,000 வருகிறது. எது சரி? (மதுரை வாசகர்)

பதில்: ஒரு செல்லுக்குள் இருக்கும் எண் வேறு, அது திரையில் காட்டப்படும் விதம் வேறு. நீங்கள் 5% என்று அடித்ததும் எக்செல் உள்ளே 0.05 என்று எழுதிக்கொண்டு, அந்த செல்லுக்கு சதவீத ஃபார்மேட்டை மாட்டிவிடுகிறது. வெறும் 5 அடித்தால் உள்ளே 5 முழுசாகப் போகிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படுவது உள்ளே இருக்கும் எண் மட்டுமே. 40,000 × 0.05 என்றால் 2,000. 40,000 × 5 என்றால் 2,00,000.

சில நேரம் 5 அடித்தாலும் 2,000 வருவதற்குக் காரணம், அந்த செல்லில் முன்பே சதவீத ஃபார்மேட் இருப்பதுதான். ஏற்கெனவே ஒரு தடவை 5% அடித்த செல்லாக இருக்கும். அப்படிப்பட்ட செல்லில் 5 அடித்தால் எக்செல் தானாகவே 5% என்று எடுத்துக்கொள்ளும். File → Options → Advanced போய்ப் பார்த்தால் "Enable automatic percent entry" என்று ஒன்று டிக் ஆகியிருக்கும், அதன் வேலை இது. ஆனால் வெறும் 5 அடித்துவிட்டு, அப்புறம் % பொத்தானை அழுத்தினால் 500% என்று காட்டும். உள்ளே இருப்பது 5, அதன் சதவீத வடிவம் 500% தானே. பொதுவாக % குறியை நீங்களே அடித்துவிடுங்கள். 0.5% மாதிரி ஒன்றுக்குக் குறைந்த எண் என்றால் கண்டிப்பாக அடியுங்கள்.

கேள்வி: மாடுலர் கிச்சனுக்குக் கொட்டேஷன் வாங்கினேன். மதிப்பு 2,40,000, தள்ளுபடி 5%, ஜிஎஸ்டி 18%, மொத்தம் 2,83,200 என்று எக்செல் தாளில் இருக்கிறது. அதிகமாகத் தோன்றுகிறது. கேட்டால், "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தப்பாகாது" என்கிறார் கடைக்காரர். (திருச்சி வாசகி)

பதில்: உங்கள் சந்தேகம் சரிதான். உங்களுக்குத் தள்ளுபடியே கிடைக்கவில்லை.

2,40,000-இல் 5% என்பது 12,000. அதைக் கழித்தால் 2,28,000. அதற்கு 18% ஜிஎஸ்டி 41,040. மொத்தம் 2,69,040 வர வேண்டும். அவர் உங்களிடம் கேட்பது 14,160 ரூபாய் கூடுதல். போன தள்ளுபடி 12,000, அதன் மேல் ஏறிய வரி 2,160.

எங்கே போயிற்று என்று பார்ப்போம். கொட்டேஷன் எக்செல் கோப்பாகவே வந்திருந்தால், தள்ளுபடிக்குப் பின் வரும் தொகையில் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

```
=B2-B3
```

B2-இல் 2,40,000, B3-இல் 5%. சாதாரண கால்குலேட்டர் பலவற்றில் 240000 - 5 % என்று அழுத்தினால் 2,28,000 காட்டும். அந்தப் பழக்கத்தில் எழுதிய ஃபார்முலா இது. எக்செலுக்கு 5% என்றால் வெறும் 0.05. அது 2,40,000-இலிருந்து ஐந்து பைசாவைக் கழித்து 2,39,999.95 என்று வைத்துக்கொள்கிறது. செல்லின் ஃபார்மேட் பைசாவைக் காட்டாதபடி இருப்பதால் திரையில் 2,40,000 என்று முழு எண்ணாகத் தெரிகிறது. அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+~ அழுத்துங்கள். ஃபார்மேட் General-க்கு மாறி, ஒளிந்திருந்த .95 வெளியே வந்துவிடும். சரியான ஃபார்முலா இது:

```
=B2*(1-B3)
```

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. B3-இல் 5 என்று அடித்து, பெருக்கும் ஃபார்முலா போட்டிருந்தால் தள்ளுபடி 12 லட்சம் என்று வந்திருக்கும், கடைக்காரரே பதறித் திருத்தியிருப்பார். இங்கே 5% என்று சரியாக அடித்து, ஃபார்முலாவைத் தப்பாக எழுதியதால், தாள் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. நம் பணத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த மாதிரி அமைதியான தவறுதான்.

பிடிஎஃப் மட்டும் வந்திருந்தாலும் கண்டுபிடிக்கலாம். ஜிஎஸ்டி தொகையை 0.18-ஆல் வகுங்கள். உங்கள் தாளில் அது 43,200 என்று இருக்க வேண்டும். வகுத்தால் 2,40,000 வரும், அதாவது வரி போட்டது தள்ளுபடி கழிக்காத தொகைக்கு. இந்த ஒரு கணக்கை அவர் முன் போட்டுக் காட்டுங்கள். திருத்திய கொட்டேஷன் கையில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்து, அவர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். 5% என்று எழுத்தில் இருக்கிறது, அது உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: 5 லட்சம் கடன், 9% வட்டி, 60 மாதம். `=PMT(9/12,60,-500000)` போட்டால் மாதத் தவணை 3,75,000 என்கிறது! (சேலம் வாசகர்)

பதில்: `9%/12` என்று போடுங்கள். 10,379 ரூபாய் வரும்.

கேள்வி: எனக்கும் அதே மாதிரிக் கடன், 5 லட்சம், 60 மாதம். நிதி நிறுவனம் காட்டிய எக்செல் தாளில் வட்டி 9% என்று இருந்தது. தவணை மட்டும் 10,476 கேட்கிறார்கள். 10,379 தானே வர வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: அந்த 9% உண்மையில் 9.4%. சதவீத ஃபார்மேட்டில் தசமம் இல்லை என்றால் 8.5% முதல் 9.49% வரை எல்லாமே திரையில் 9% தான். தவணை போடும்போது எக்செல் உள்ளே இருக்கும் 9.4%-ஐ வைத்துப் போடும். மாதம் 97 ரூபாய்தான் வித்தியாசம், 60 மாதத்துக்கு 5,800 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

எனக்கு ரொம்ப நாளாக ஆத்திரம் உள்ள விஷயம் இது. ஒரு கடையில் 60,000 ரூபாய்க்கு சோபா வாங்கினேன், 12 மாதத் தவணை. மாத வட்டி 1% என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அசல் முழுவதற்கும் 12 மாதம் 1% என்றால் வட்டி 7,200, தவணை 5,600. வந்த தவணையோ 5,870. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மாத வட்டி 1.45%. திரையில் தெரிந்த 1% பொய் இல்லை என்று வாதாடினார்கள், தசமம் காட்டவில்லை அவ்வளவுதான் என்றார்கள். 3,240 ரூபாய் அந்தத் தசமத்துக்குள் இருந்தது. சோபாவின் ஸ்பிரிங் தவணை முடிவதற்குள் போய்விட்டது, அது தனிக் கதை.

வட்டி விகிதத்தைத் தசமம் இல்லாமல் வாடிக்கையாளருக்குக் காட்டுவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். தொகையில் பைசாவை மறைத்தால் போவது பைசா. விகிதத்தில் மறைத்தால், அது அசல் முழுவதையும் மாதங்கள் முழுவதையும் பெருக்கிக்கொண்டு வருகிறது. இரண்டு தசம இடம் காட்ட ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் போதும். அதைக்கூடச் செய்யாதவர்கள், உங்களிடம் கையெழுத்து வாங்க மட்டும் பத்து இடத்தில் பேனாவால் குறியிட்டுத் தருகிறார்கள்.

நீங்களே உண்மை விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம்:

```
=RATE(60,-10476,500000)*12
```

இதற்கும் விடை முதலில் 9% என்றே தெரியக்கூடும், RATE ஃபார்முலா அடித்த செல்லுக்கு எக்செல் மாட்டுவது தசமம் இல்லாத சதவீத ஃபார்மேட்டைத்தான். Home பகுதியில் Increase Decimal பொத்தானை அழுத்துங்கள், 9.4 வெளியே வரும். நிறுவனத்தின் தாளே கையில் இருந்தால் இன்னும் சுலபம்: வட்டி செல்லில் கிளிக் செய்தால் ஃபார்முலா பட்டையில் 9.4% என்று முழுதாகத் தெரியும்.

தாளை விட்டுவிட்டு 'முக்கிய விவர அறிக்கை' எனும் கேஎஃப்எஸ் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் தவணைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வந்த எக்செல் தாளின் போட்டோவைப் பார்த்து ஃபர்னிச்சருக்கு முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். பில் வாங்கவில்லை. இப்போது கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: அனுப்புவதற்கு முன் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். போட்டோவில் ஃபார்முலா தெரியாது, தசமம் தெரியாது, அதை நம்பி முழுப் பணமா? முதலில் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். போட்டோவையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: கடைக்காரர் தந்த தாளில் வட்டி 5% என்று தெரிகிறது, ஆனால் ஃபார்முலாவில் `/100` இருக்கிறது. இரண்டு தடவை வகுத்து ஏதாவது தில்லுமுல்லா? (விருதுநகர் வாசகர்)

பதில்: இல்லை. அந்த செல்லில் கிளிக் செய்யுங்கள். ஃபார்முலா பட்டையில் % இல்லாமல் 5 என்று மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது முழு 5. `0"%"` என்று ஒரு ஃபார்மேட் போட்டால் எண்ணுக்குப் பின்னால் % குறியை வெறும் எழுத்தாக ஒட்டிக் காட்டும், மதிப்பைத் தொடாது. அதனால்தான் அவர் 100-ஆல் வகுத்திருக்கிறார், கணக்கு சரிதான்.

நீங்கள் கை வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. அந்த செல்லில் 6% என்று அடித்தால் உள்ளே 0.06 போகும், ஃபார்முலா அதை மறுபடி 100-ஆல் வகுக்கும். ஒரு லட்சத்துக்கு 6,000 வர வேண்டிய இடத்தில் 60 வரும். அங்கே வெறும் 6 மட்டும் அடியுங்கள்.