கேள்விக்குறி மின்னும் மேக்புக்: அழிப்பதற்கு முன் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள்

"கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். என்னுடையது 13 இன்ச் மேக்புக் ப்ரோ, 2012 மாடல். கொஞ்ச நாளாக வேலைக்கு நடுவே அப்படியே நின்றுபோனது. இப்போது ஆன் செய்தால் ஒரு ஃபோல்டரும் அதற்குள் கேள்விக்குறியும் மின்னுகின்றன. நேற்று ஒரு தடவை மட்டும் ஒழுங்காக ஆன் ஆனது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓ.எஸ். போடவேண்டும் என்கிறார் கடைக்காரர். ஆவணி முகூர்த்தப் படங்கள் உள்ளே இருக்கின்றன. என்ன செய்வது சார்?"

அழிக்கச் சம்மதிக்காதீர்கள். ஓ.எஸ். உள்ள டிஸ்க் கிடைக்கவில்லை என்பதுதான் அந்தக் கேள்விக்குறிக்கு அர்த்தம். படங்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. ஓ.எஸ். கெட்டிருக்கலாம், டிஸ்க் கெட்டிருக்கலாம், இரண்டும் நன்றாக இருந்து நடுவில் உள்ள கேபிள் கெட்டிருக்கலாம். எது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

முதலில் மெஷினை அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திய உடனே கமாண்ட், R இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சின்னம் வந்தால், டிஸ்க்கிலேயே ஒளித்து வைத்திருக்கும் ரெக்கவரி பகுதியை மெஷினால் படிக்க முடிகிறது என்று பொருள்; பாதி நிம்மதி. அதற்குப் பதில் சுழலும் பூமி உருண்டை வந்தால், உள்ளே எதுவும் கிடைக்காமல் இன்டர்நெட்டிலிருந்து ரெக்கவரியை இறக்குகிறது. வைஃபை கேட்கும். போன் ஹாட்ஸ்பாட் போதும், ஆனால் பொறுமை வேண்டும்.

இரண்டில் எது வந்தாலும் கடைசியில் ஒரே மெனுதான். Disk Utility-யைத் திறந்து, View-இல் Show All Devices இருந்தால் அதைக் கொடுங்கள். இடப்பக்கம் உங்கள் டிஸ்க் அதன் அளவோடு தெரிகிறதா? சந்தேகமாக இருந்தால் மேலே Utilities மெனுவில் Terminal திறந்து இதை அடியுங்கள்:

```
diskutil list
```

internal, physical என்ற வரியின் கீழ் உங்கள் டிஸ்க்கின் அளவு வந்தால் டிஸ்க் இணைப்பில் இருக்கிறது. disk image என்ற சின்னச் சின்ன வரிகள் மட்டும் வந்தால், அவை ரெக்கவரியின் சொந்தப் பொருள். உங்கள் டிஸ்க் அங்கே இல்லை.

டிஸ்க் தெரிந்தால் First Aid ஓட்டுங்கள். முதலில் வால்யூம், அப்புறம் அதற்கு மேலே உள்ளது, கடைசியில் டிஸ்க். பிழையில்லாமல் முடிந்தால் ஆப்பிள் மெனுவில் Startup Disk-ஐத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால்தான் Reinstall macOS. Erase தொடாமல் இதைச் செய்தால் ஓ.எஸ். மட்டும் மேலே புதிதாக ஏறும், படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். First Aid சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். படங்களை வெளியே எடுத்த பிறகுதான் மற்றது.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். ஓ.எஸ். கெட்டுப்போனால் நேற்று தானாகச் சரியாகி இன்று மறுபடி கெடாது. உங்கள் மாடலில் (அடியில் A1278 என்று இருக்கும்) டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் பட்டையான கேபிள் அலுமினிய உடம்பை ஒட்டியே மடங்கிப் போகிறது. நாளடைவில் அது விட்டுவிட்டு வேலை செய்யும். இந்த மாடலில் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது.

சோதிப்பது எளிது. அடிமூடியில் 10 திருகு. அதில் மூன்று நீளமானவை, இடம் மாறாமல் வையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி 2.5 இன்ச் யூ.எஸ்.பி. கேஸில் போட்டு அதே லேப்டாப்பில் செருகி, ஆப்ஷன் கீயைப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் டெஸ்க்டாப் வந்துவிட்டால், டிஸ்க்கும் ஓ.எஸ்.ஸும் நலம், கேபிள் மட்டும் மாற்றினால் போதும். கையோடு கையாகப் படங்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். கேபிள் வாங்கும்போது 2012 மாடலுக்கு என்று சொல்லியே வாங்குங்கள். A1278 என்ற எண் பல வருட மாடல்களுக்குப் பொது, கேபிள் பொது இல்லை.

வெளியே போட்டாலும் தெரியாமல் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்தால் டிஸ்க்தான் போயிருக்கிறது. உடனே கழற்றிவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஸ்டூடியோவில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் செருகவேண்டாம். மேக் டிஸ்க்கை அது படிக்கத் தெரியாமல் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள்.

ரீஇன்ஸ்டால் செய்யும்போது சர்வர் கிடைக்கவில்லை என்று வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த மெஷினில் அது பழைய வருடத்துக்குப் போயிருக்கும். மாதம், நாள், மணி, நிமிடம், வருடம் என்ற வரிசையில் Terminal-இல் அடித்தால் சரியாகும். 2025 செப்டம்பர் 5, காலை 10.30 என்றால்:

```
date 0905103025
```

உங்களுடைய அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கழற்றாதீர்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் உங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.