வின்செஸ்டரில் ஏழைகளின் சோறு

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவில் சர்ச் நடத்திய மருத்துவமனைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அது ஏழைகளுக்குத்தான் போனதா?

பெரும்பாலும் நிலத்திலிருந்தும், விளைச்சலில் பத்தில் ஒரு பங்காக மக்கள் சர்ச்சுக்குக் கொடுத்த தசமபாகத்திலிருந்தும் வந்தது. எல்லாமே ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உள்ள செயின்ட் கிராஸ் மருத்துவமனையைப் பாருங்கள். 1130களில் பிஷப் ஹென்றி தொடங்கியது. உழைக்க முடியாத 13 ஏழை ஆண்கள் அங்கேயே தங்கினார்கள். தினமும் இன்னும் 100 பேருக்குச் சாப்பாடு. மருத்துவமனை என்று பெயர், ஆனால் கிடைத்தது முக்கியமாகப் படுக்கை, உணவு, ஜெபம். இதற்காகப் பல ஊர்த் தேவாலயங்களின் வருமானத்தை ஹென்றி எழுதிவைத்தார்.

சிக்கலும் அங்கேதான். நிர்வாகியை ‘மாஸ்டர்’ என்பார்கள். செலவு போக மிஞ்சியது அவர் கையில் நின்றது; ஆகவே சோற்றைக் குறைத்தால் அவருக்கு லாபம். நம் ஊர் அறக்கட்டளைத் தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மருத்துவமனைகளைப் பாதிரியார்களுக்குச் சொந்த வருமானப் பதவியாகத் தரக்கூடாது, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்று வியன் நகரில் கூடிய சர்ச்சின் பொதுச்சங்கம் 1312-இல் விதித்திருந்தது. அப்படியும் செயின்ட் கிராஸ் மாஸ்டர்கள், இது எங்கள் பதவி வருமானம், கணக்குக் காட்டத் தேவையில்லை என்றார்கள். 1370களில் பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் பல வருடம் வழக்காடித்தான் அந்த வருமானத்தை ஏழைகள் பக்கம் திருப்பினார்.