குறைதீர்க்கும் குழுவின் விசாரணைக் குறிப்பு: நீங்கள் கேட்டவை

புகார் கொடுத்தவரின் பேச்சு ஒன்றரைப் பக்கம் வந்தது, எதிர்த்தரப்புக்கு 4 வரிதான். பாரபட்சம் என்று சொல்லிவிடுவார்களா?

பக்க அளவு பிரச்சினையே இல்லை. புகாரை 1, 2, 3 என்று எண் போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பு சொன்ன பதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது எண்ணுக்குப் பதில் இல்லையென்றால் பெரும்பாலும் குழு அதைக் கேட்கவே மறந்திருக்கும். இருவரும் அறையை விட்டுப் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.

"ஒப்புக்கொண்டார்", "மழுப்பினார்" என்றெல்லாம் எழுதலாமா?

"மழுப்பினார்" வேண்டவே வேண்டாம். "நேரடியாகக் கேட்டபோது நினைவில்லை என்றார்" என்று நடந்ததை எழுதுங்கள். "ஒப்புக்கொண்டார்" என்பதிலும் கவனம் தேவை. "சில நாள் அவர் இருந்தது உண்மை" என்று சொன்னவரை, புகார் முழுவதையும் ஒப்புக்கொண்டவராக அந்த ஒரு சொல் ஆக்கிவிடும். இரு தரப்புக்கும் "கூறினார்" போதும்.

முடிவை எழுதும்போதுதான் தடுமாறுகிறேன். ஒரு மாதிரி காட்ட முடியுமா?

ஓர் ஊழியர், 12 நாள் இரவு 8 மணிக்கு மேலும் வேலை பார்த்தேன், கூடுதல் நேரச் சம்பளம் வரவில்லை என்கிறார். மேற்பார்வையாளரோ, "சில நாள் இருந்தார், ஆனால் நான் இருக்கச் சொல்லவில்லை" என்கிறார். அப்படியானால் தகராறு இரண்டே விஷயத்தில்தான்: எத்தனை நாள், யார் சொல்லி. முடிவும் அந்த இரண்டுக்கும் தனித்தனியாக வர வேண்டும்.

வாயில் பதிவேட்டில் 9 நாள் 8 மணிக்கு மேல் வெளியேறியதாகப் பதிவு இருக்கிறது. எனவே, "9 நாள் உறுதியாகிறது, மீதி 3 நாளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை." இங்கே "பொய்" என்று எழுதிவிடாதீர்கள். பதிவு இல்லாததால் அவர் அங்கே இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்து, அந்த 9 நாளில் 4 நாள் "முடிச்சுட்டுப் போங்க" என்று மேற்பார்வையாளர் அனுப்பிய செய்தி இருக்கிறது. அந்த 4 நாளும் அவர் சொல்லித்தான் என்று எழுதலாம். மற்ற 5 நாளும் மேற்பார்வையாளரும் அதே நேரத்தில்தான் வெளியேறியிருக்கிறார். இதிலிருந்து ஊழியர் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று குழு கருதினால், "குழு கருதுகிறது" என்றே எழுதுங்கள், "நிரூபணமானது" என்று வேண்டாம். தெரிந்திருந்தாலே சம்பளம் உண்டா என்பதை நிறுவனத்தின் விதிதான் சொல்லும். அந்த விதியின் எண்ணையும் குறிப்பிடுங்கள். பரிந்துரை அதற்குப் பிறகுதான்.

வாக்குமூலம் கொடுத்தவர் மறுநாள் வந்து, "நான் அப்படிச் சொல்லவில்லை, மாற்றுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

கையெழுத்தான வரியை அடிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. அவர் இப்போது சொல்வதைத் தேதியோடு தனி இணைப்பாகச் சேர்த்து, அடுத்த தரப்புக்கும் ஒரு நகல் கொடுங்கள். வாக்குமூலத்தை அன்றே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

குழுவில் ஒருவர் மட்டும் முடிவை ஏற்கவில்லை.

அவருடைய காரணத்தை அவர் சொற்களிலேயே முடிவுக்குக் கீழே எழுதி, அங்கே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.